அழித்த கை

வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு எனக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் முந்திரித் தோப்பு ஓரமாக ஒரு நடை, டீக்கடையில் பேப்பர், மாலையில் திண்ணை. என் தெருவில் பாதிப்பேர் நெய்வேலி நகரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தப் பக்கம் மனை வாங்கியவர்கள். நான் சுரங்கத்துக்காரன் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் 32 வருஷம் சாக்பீஸ் பிடித்தவன்.

போன கார்த்திகையில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. "ஐயா, ஒரு நாள் வந்து எங்க புள்ளைங்களப் பாத்துட்டுப் போங்க" என்றாள். மறுவாரமே போனேன். மூன்றாம் வகுப்பு. முன்வரிசை ஓரமாக ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, பலகையில் 52 − 27 என்று எழுதினாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு.

நன்றாகத்தான் நடத்தினாள். நடுவில் ஏதோ நினைவில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டாள். எழுதியது தெரிந்ததும் தோளைச் சற்றே திருப்பிப் பலகையை மறைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் ஒரே இழுப்பில் அழித்தாள். சரியான எண்ணை எழுதினாள். கையைச் சேலையில் தட்டிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

எனக்குச் சுரீர் என்றது. அந்தத் தோள் திருப்பலும் அந்த இடது கையும் என்னுடையவை. என் வேட்டியின் இடப்பக்கம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். "பாடம் நடத்துறீங்களா, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?" என்று என் மனைவி கேட்காத நாள் இல்லை. டஸ்டர் மேசைமேல் சும்மா கிடக்கும். அதை எடுக்கப் போனால் அந்த இரண்டு விநாடிக்குள் தப்பைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் அல்லவா, அதனால் கை முந்திக்கொள்ளும்.

அதோடு முடியவில்லை. முன்வரிசையில் ஒரு சிறுமி நோட்டில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். விடையைத் தப்பாக எழுதிவிட்டாள் போலிருக்கிறது. விரலை நாக்கில் தொட்டு எச்சிலால் அழித்தாள். காகிதம் கறுத்து, நைந்து, ஓட்டை விழுந்தது. ஆசிரியை அந்தப் பக்கம் வந்ததும் முழங்கையை ஓட்டையின்மேல் வைத்து மறைத்துக்கொண்டாள். நான் தோளால் மறைத்ததை, என் மாணவி தோளால் மறைத்தாள். அவளுடைய மாணவி முழங்கையால் மறைக்கிறாள்.

இந்தப் பாடத்தை நான் ஒருநாளும் நடத்தியதில்லை. "தப்பு செஞ்சா ஒளிச்சிடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நேர் எதிர்: "தப்பு வந்தா பயப்படாதீங்க, என்கிட்ட காட்டுங்க." சொன்னது எங்கே போனது? செய்தது எப்படி இரண்டு தலைமுறை தாண்டியது? வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இதுதான் மனத்தில் ஓடியது.

சின்ன வயதில் நான் முந்திரிக்கொட்டை உடைக்கக் கற்றுக்கொண்டதை நினைத்துப் பார்த்தேன். இந்தச் செம்மண் பூமியில் முந்திரி தெரியாத வீடு ஏது? பாட்டி வறுத்த கொட்டைகளைக் குவித்துக்கொண்டு கட்டையோடு உட்காருவாள். "வாடா, கத்துத் தரேன்" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொட்டையை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறாள், எவ்வளவு ஓங்குகிறாள் என்று கண் அங்கேயே நிற்கும். இரவில் படுத்துக்கொண்டே கையை அசைத்துப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் அவள் எழுந்து போன நேரத்தில் கட்டையை எடுத்து நானே தட்டினேன். முதல் அடி விரலில். கொட்டையின் எண்ணெய் பட்டு இரண்டு விரலில் தோல் உரிந்தது. நாலைந்து நாளில் பருப்பு முழுசாக வந்தது. உடைந்த பருப்புக்கு விலை குறைவு, முழுப்பருப்புக்குத்தான் காசு என்று தெரிந்ததும் கை இன்னும் நிதானப்பட்டது.

இதற்குள் நான்கு படிகள் இருக்கின்றன. கவனித்தேன், நினைவில் வைத்தேன், செய்து பார்த்தேன், செய்வதற்கு ஒரு காரணமும் இருந்தது. இந்த நான்கையும்தான் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய 'சமூகக் கற்றல் கோட்பாடு' என்ற நூலில் வரிசைப்படுத்துகிறார். கனடாவில் ஒரு சிற்றூரில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து, 2021இல் தமது 95ஆம் வயதில் மறைந்தவர். ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர்கள் எல்லோரும் அவர் பெயரைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்போம். நான் செய்தேன். மதிப்பெண்ணும் வந்தது. அவர் சொன்னது என்ன என்று புரிய எனக்கு அந்தச் சிறுமியின் முழங்கை தேவைப்பட்டது.

பாட்டியிடம் நான் இன்னொன்றையும் கற்றுக்கொண்டிருந்தேன். கட்டையை ஓங்கும்போதெல்லாம் அவள் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கும்போது என் நாக்கு நுனி வெளியே வருகிறது. அதற்கும் முந்திரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பார்த்துக் கற்கிறவன் தேவையானதை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. மூட்டையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

பண்டூராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1961இல் வெளியிட்ட பொம்மைச் சோதனையிலும் இதுவே நடந்தது. பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் மூன்று வயது முதல் ஐந்தே முக்கால் வயது வரையிலான 72 பிள்ளைகள். 24 பேராக மூன்று பிரிவு. முதல் பிரிவுப் பிள்ளை ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து படம் ஒட்டிக்கொண்டிருக்க, அறையின் மறுமூலையில் பெரியவர் ஒருவர் காற்றடித்த பெரிய பொம்மை ஒன்றைப் போட்டு அடிப்பார். அதன்மேல் ஏறி உட்கார்ந்து மூக்கில் குத்துவார், மரச்சுத்தியலால் தலையில் அடிப்பார், தூக்கி எறிவார், உதைப்பார். இடையிடையே சில வார்த்தைகளையும் சொல்வார். இரண்டாவது பிரிவு பார்த்த பெரியவர் பொம்மையைத் திரும்பியும் பார்க்காமல் அமைதியாக வேறு ஏதோ அடுக்கிக்கொண்டிருப்பார். மூன்றாவது பிரிவுக்கு யாரையும் காட்டவில்லை.

பிறகு பிள்ளையை அழகான பொம்மைகள் உள்ள அறைக்குக் கூட்டிப் போய், விளையாடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே "இதெல்லாம் வேற பிள்ளைங்களுக்கு" என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடுப்போடு மூன்றாவது அறையில் விட்டு, 20 நிமிடம் மறைவிலிருந்து பார்த்தார்கள். அடிக்கிற பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் மற்ற இரண்டு பிரிவையும்விட அதிகமாக, அதே மாதிரியில் அடித்தார்கள். ஏறி உட்காருவது, சுத்தியலை எடுப்பது எல்லாம் அப்படியே. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்தப் பெரியவர் சொன்ன சாதாரண வார்த்தைகளையும் அட்சரம் பிசகாமல் சொன்னார்கள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. செய்தால் மிட்டாய் தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததை வைத்து, இந்தப் பிள்ளை வீதியில் நாலு பேரை அடிக்கும் என்று எப்படிச் சொல்லலாம் என்று பின்னால் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சோதனை அதைக் காட்டவில்லை என்றே நானும் நினைக்கிறேன். பரிசும் தண்டனையும் இல்லாமல், பார்ப்பது ஒன்றாலேயே ஒரு செயல் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை மட்டும் அது காட்டியது. ஆசிரியருக்கு அதுவே போதும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1965இல் அவர் செய்த இன்னொரு சோதனை. அதில் 66 பிள்ளைகள் ஒரு சிறு படம் பார்த்தார்கள். படத்தில் ஒருவன் பொம்மையை அடிக்கிறான். முடிவு மட்டும் மூன்று விதம். ஒரு படத்தில் அவனைப் பாராட்டித் தின்பண்டம் தருகிறார்கள். இன்னொன்றில் திட்டி அடிக்கிறார்கள். மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அடிவாங்கிய படத்தைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அதைச் செய்தார்கள். பெரும்பாலான பெற்றோர்கள் இந்த இடத்தில் "அப்பாடா" என்று எழுந்து போயிருப்பார்கள். பண்டூரா போகவில்லை. "படத்துல அவன் என்னென்ன செஞ்சான், செஞ்சு காட்டு பாக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் பழச்சாறும் ஒட்டுப்படமும் தரேன்" என்று கேட்டார்கள். மூன்று பிரிவுக்கும் இருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றிருந்தன.

கற்றது வேறு, வெளியே காட்டுவது வேறு. பிள்ளை செய்யவில்லை என்பதால் கற்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே வைத்திருக்கிறது, தக்க நேரம் வரும்போது எடுக்கும். என் மாணவி என் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஐந்து வருஷமும் பலகையை அழித்ததே இல்லை. அவளுக்கு அப்போது பலகை கிடையாது. கையில் சாக்பீஸும் எதிரே நாற்பது கண்களும் வந்த அன்றைக்கு, இருபது வருஷத்துக்கு முன் பார்த்த கை எழுந்து வந்துவிட்டது. புது ஆசிரியர்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்ததைவிடத் தங்கள் பழைய வாத்தியார்களைப்போலவே நடத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதட்டும்போது அதே வார்த்தை, சந்தோஷத்திலும் அதே வார்த்தை.

சரி, நான் சொன்ன புத்திமதி எங்கே போனது? அதற்கும் ஒரு விடை இருக்கிறது. 1970இல் பிரையன், வால்பெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஜெயித்ததில் ஒரு பங்கை விரும்பினால் ஏழைப் பிள்ளைகளுக்கான பெட்டியில் போடலாம். முதலில் ஒருவர் விளையாடிக் காட்டுவார். சிலர் "கொடுக்கணும்" என்று பேசிவிட்டுக் கொடுத்தார்கள். சிலர் அப்படியே பேசிவிட்டுக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். சிலர் கஞ்சத்தனமாகப் பேசிவிட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெட்டியில் போட்டது, அவர் செய்ததை ஒட்டியே இருந்தது. ஆனால் அடுத்து வரும் பிள்ளைக்கு நீ என்ன சொல்வாய் என்று கேட்டபோது, அவர் பேசியதை ஒட்டிப் பேசினார்கள்.

என் புத்திமதி வீண்போகவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அது புத்திமதியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. என் மாணவியும் வகுப்பில் "தப்பு வந்தா பயப்படாதீங்க கண்ணுங்களா" என்று நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறாள். சொல் சொல்லைப் பெற்றது, கை கையைப் பெற்றது.

கணக்கு வாத்தியாராக என்னை உறுத்தும் ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. சியான் பைலாக் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு நடத்தும் 17 ஆசிரியைகளையும் அவர்களுடைய பிள்ளைகள் 117 பேரையும் ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தார்கள். அந்த ஆசிரியைகளில் சிலருக்குக் கணக்கென்றால் உள்ளூர பயம். ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பயத்துக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ஆண்டு முடிவில் சம்பந்தம் வந்துவிட்டது. பயந்த ஆசிரியையிடம் படித்த பெண்பிள்ளைகளில், "பையன்களுக்குத்தான் கணக்கு வரும், பெண்களுக்கு வாசிப்புதான் வரும்" என்று நம்பத் தொடங்கியவர்கள் கணக்கில் பின்தங்கினார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்த மாற்றம் இல்லை.

பதினேழு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஒன்றை யோசிக்க வைக்கிறது. "எனக்குக் கணக்குன்னா பயம்" என்று எந்த ஆசிரியையாவது ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருப்பாரா? பெண்பிள்ளைகள் ஏன் ஆசிரியையிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், பையன்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கும் பண்டூராவின் வழியில் விளக்கம் உண்டு. தன்னைப்போல் இருப்பவரையே பிள்ளை அதிகம் உற்றுப் பார்க்கிறது. அவரால் முடிந்தது தன்னாலும் முடியும், அவரால் முடியாதது தன்னாலும் முடியாது என்று கணக்குப் போடுகிறது.

இங்கேதான் என் பழைய அனுபவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும் பெற்றோர்கள் இன்னும் இருப்பீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறை அது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் வழியிலிருந்து எடுத்தது. 2007 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பாடப்புத்தகத்தின் இடத்தில் அட்டைகள், ஏணிப்படி. சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்வான கரும்பலகை. ஒரு குழு ஆசிரியரோடு உட்காரும், இன்னொரு குழு தமக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும்.

ஓய்வுபெறும் வயதில் என்னைப் பாயில் உட்காரச் சொன்னார்கள். முழங்கால் வலியோடு முணுமுணுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்த ஒருநாள், தாழ்வான பலகையில் ஒரு பையன் இன்னொரு பையனுக்கு இதே கழித்தலைச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டேன். "நானும் மொதல்ல தலைகீழாத்தான்டா போட்டேன். ரெண்டுல ஏழு போவாதில்ல, அதனால ஏழுல ரெண்ட கழிச்சிட்டேன். தப்பு. பக்கத்து வூட்டுல ஒரு பத்து வாங்கணும்." நான் மூன்று நாள் நடத்தியும் ஏறாதது கேட்டுக்கொண்டிருந்த பையன் தலையில் ஐந்து நிமிடத்தில் ஏறியது. அன்றைக்கு அதைத் தற்செயல் என்று விட்டுவிட்டேன்.

அது தற்செயல் இல்லை. டேல் ஷங்க் என்ற கல்வி உளவியலாளர் 1985இல் ஹான்சன் என்பவருடன் சேர்ந்து இதே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை வைத்தே சோதித்திருக்கிறார். அந்தக் கணக்கில் திணறும் எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் வயதுப் பிள்ளை ஒருவர் கற்றுக்கொள்ளும் படத்தைக் காட்டினார்கள். சிலருக்கு ஆசிரியர் போட்டுக்காட்டும் படம். சிலருக்குப் படமே இல்லை. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் பிறகு போட்ட கணக்கும், தங்கள் வயதுப் பிள்ளையைப் பார்த்தவர்களிடம் மிகுதி. ஆசிரியரைப் பார்த்தவர்கள் அடுத்தபடி. எதையும் பார்க்காதவர்கள் கடைசி.

படத்தில் வரும் பிள்ளைகளையும் இரண்டு விதமாக வைத்திருந்தார். ஒரு பிள்ளை முதலிலிருந்தே தப்பில்லாமல் போடும். மற்றது முதலில் தடுமாறும், "இது கஷ்டமா இருக்கே" என்று சொல்லும், பிறகு தட்டித்தடவி ஏறும். கழித்தலில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பின்னங்களை வைத்துச் செய்தபோது தடுமாறி ஏறும் பிள்ளையைப் பார்த்தவர்களே அதிகம் தேறினார்கள். பாடம் முற்றிலும் புதிதாகவும் பயமூட்டுவதாகவும் இருக்கும்போதுதான் தடுமாறுகிற முன்மாதிரி தேவைப்படுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கொஞ்சம் தெரிந்த பாடத்துக்கு யாரைப் பார்த்தாலும் பாதகமில்லை.

ஆக, நான் உள்ளங்கையால் அழித்துக்கொண்டே இருந்தது எந்தப் பகுதியை? திணறும் பிள்ளைக்கு மிகவும் வேண்டிய பகுதியை. தப்பு எப்படிக் கண்ணில் படுகிறது, பட்டதும் பெரியவர் என்ன செய்கிறார், எப்படித் திருத்துகிறார் என்று காட்டும் அந்த இரண்டு விநாடியைத்தான் தோளால் மறைத்தேன். பிள்ளைகள் கண்டது, தப்பே வராத ஒரு வாத்தியாரையும், தப்பு வந்தால் மறைத்துவிட வேண்டும் என்பதையும்தான்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. "ஐயா, நான் அப்படிச் செய்யறது எனக்கே தெரியாது" என்றாள். "எனக்கும் தெரியாதும்மா. நீ செய்யறதப் பாத்துத்தான் நான் செஞ்சது தெரிஞ்சுது" என்றேன். பிறகு இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வழி வகுத்தோம்.

முதல் காரியம், தப்பை அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது. இரண்டாவது, மனத்துக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொல்வது. 52 − 27ஐ அவள் இப்படிப் போட வேண்டும்: "ரெண்டுலருந்து ஏழு போகுமா? போகாது. நான் அவசரத்துல ஏழுலருந்து ரெண்ட எடுத்து அஞ்சுன்னு எழுதிட்டேன். அப்புறம் அஞ்சுல ரெண்டு போனா மூணு. விடை 35. சரியான்னு எப்படிப் பாக்கறது? 35ஓட 27 கூட்டிப் பாப்போம். 62 வருது. 52 வரணுமே. எங்கியோ தப்பு." இங்கே கோடு போட வேண்டும். "பத்துகள் அஞ்சு இருக்கு. ஒண்ணை ஒன்றுகள் பக்கம் தள்ளினா அங்க நாலு, இங்க பன்னெண்டு. பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. நாலுல ரெண்டு போனா ரெண்டு. 25. கூட்டிப் பாப்போம், 25உம் 27உம் 52. சரி."

மூன்றாவது, இதைப் பிள்ளையின் கைக்கு மாற்றுவது. இதற்கு மைக்கன்பாம், குட்மன் என்ற இருவர் 1971இல் காட்டிய படிகளை எடுத்துக்கொண்டோம். முதலில் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. அடுத்து ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்வது. பிறகு பிள்ளையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்வது. பிறகு முணுமுணுப்பாக. கடைசியில் மனத்துக்குள். இடையில் ஒரு படியைத் தாண்டிவிட்டால் எங்கே நின்றது என்று தெரியாது. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று நம் காதில் விழும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். எச்சில் போயிருந்தது. நோட்டுகளில் கோடுகள் இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை, நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். ஒரு பையனின் நோட்டில் எல்லாக் கணக்கிலும் முதலில் ஒரு தப்பு விடை, அதன்மேல் அளவெடுத்த மாதிரி ஒரு கோடு, பக்கத்தில் சரியான விடை. பத்துக் கணக்கு, பத்துக் கோடு.

"ஏன்டா எல்லாத்துலயும் தப்பு வருது?" என்றேன்.

"டீச்சரு அப்பிடித்தான் போடுவாங்க" என்றான்.

சிரித்துவிட்டேன். அவனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. தப்பு விடையை வேண்டுமென்றே எழுதி, அதற்குமேல் கோடு போட்டிருக்கிறான். பாட்டியின் நாக்கு நுனி மாதிரி, கண்ணில் பளிச்சென்று படும் பகுதியை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டான். கோடு வந்துவிட்டது, கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சோதனை வரவில்லை. கண்டுபிடிப்பது எளிது. தப்பு ஒரே இடத்தில், ஒரே மாதிரி, எல்லாக் கணக்கிலும் இருந்தால் அது நடிப்பு. உண்மையான தப்பு அங்கங்கே சிதறிக் கிடக்கும்.

என் மாணவியிடமும் கொஞ்சம் தவறு இருந்தது. அவள் ஒவ்வொரு கணக்கிலும் வலிய ஒரு தப்பை வரவழைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது ஆபத்து. கெட்டிக்காரப் பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். மெதுவாகப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு, பலகையில் அதிக நேரம் நிற்கும் தப்பு விடையே மனத்தில் பதியும். அதனால் மாற்றிக்கொண்டோம். புதிதாகத் தொடங்கும் கணக்கில் மட்டும், வாரத்தில் ஓரிரு முறை, அதுவும் பிள்ளைகள் நோட்டில் உண்மையாக வந்த தப்பை எடுத்துக் காட்டுவது. தப்பைக் காட்டிய உடனே கூட்டிச் சரிபார்ப்பது. சரிபார்க்காமல் மணி அடிக்க விடுவதில்லை. மற்றபடி தானாக வரும் தப்புகளை மறைக்காமல் விட்டாலே போதும், எந்த ஆசிரியருக்கும் அவை தேவையான அளவு வரும்.

அந்த முன்வரிசைச் சிறுமியைத் தேடினேன். குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விடையை எழுதினாள், பக்கவாட்டில் கூட்டிப் பார்த்தாள், வரவில்லை. விரல் பழக்கத்தில் நாக்கு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டாள். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும் முழங்கை அசையவில்லை.

ஆசிரியராக இருப்பவர்களுக்கும் வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்களுக்கு ஒரு தப்பு வரும். பலகையில் வரலாம், சில்லறை எண்ணும்போது வரலாம், காய்கறிக் கணக்கில் வரலாம். பிள்ளை பக்கத்தில் இருந்தால் அதை அவசரமாக அழித்துவிடாதீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று இரண்டு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னால் 32 வருஷத்தில் செய்ய முடியாமல் போனது அந்த இரண்டு வாக்கியம்தான்.